வாடகைக் கார் ஒப்பந்தத்தின் போட்டோ: கையெழுத்துக்கு முன் சேதக் குறிகளைப் படிப்பது எப்படி

"அண்ணா, கார் எடுக்க வந்திருக்கேன். இந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போடலாமா?"

என் தங்கையிடமிருந்து இப்படி ஒரு செய்தி, கூடவே ஒரு போட்டோ. வாடகைக் கார் கவுண்டரில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்பதால் வீட்டில் யார் கார் எடுத்தாலும் இப்படி எனக்குத்தான் அனுப்புவார்கள். அந்த ஒரு போட்டோவை நாங்கள் இருவரும் எப்படிப் படித்தோம் என்பதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். முதல் தடவை கார் எடுப்பவர்கள் கையில் ஃபார்மை வைத்துக்கொண்டே இதைப் பின்பற்றலாம்.

படி 1: போட்டோ முழுதாக இருக்கிறதா?

தங்கை அனுப்பிய போட்டோ சாய்வாக எடுக்கப்பட்டிருந்தது. மேலே பெயரும் கார் எண்ணும் தெரிந்தன, நடுவில் கார் வரைபடம் தெரிந்தது. கீழ் விளிம்பு வெட்டுப்பட்டிருந்தது. அங்கேதான் குறிகளுக்கான விளக்கக் கட்டம் இருக்கும். எந்த எழுத்து கீறல், எந்த எழுத்து ஒடுக்கு, எது உடைசல் என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நிறுவனத்தில் 'சி' என்றால் கல் தெறித்த சில்லு, இன்னொன்றில் விரிசல். ஊகித்துப் படித்தால் தப்பாகத்தான் முடியும்.

அதனால் முதலில் மறுபடி எடுக்கச் சொன்னேன். தாளை மேசையில் வைத்து, நேர் மேலிருந்து, நான்கு மூலைகளும் தெரியும்படி ஒன்று. வரைபடத்துக்கு மட்டும் கிட்டத்தில் ஒன்று. தாளின் பின்பக்கம் ஒன்று. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும், அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. சில இடங்களில் தாளே இருக்காது, டேப்லெட்டில் விரலால் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அப்போது கையெழுத்துப் பெட்டி மட்டுமே திரையில் தெரியும். "சேத வரைபடம் இருக்கிற பக்கத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் விரலை வையுங்கள்.

படி 2: அந்த வரைபடம் என்ன சொல்கிறது?

புதிதாகக் கார் எடுப்பவர்கள் நிறையப் பேர் வரைபடத்தில் குறிகள் குறைவாக இருந்தால் சந்தோஷப்படுகிறார்கள். உண்மையில் நிலைமை நேர் எதிர். வரைபடத்தில் குறித்திருப்பது எல்லாம் உங்களுக்கு முன்பே நடந்த சேதம், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. குறிக்காத எந்தச் சேதமும் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது உங்கள் தலையில் விழக்கூடும். கையெழுத்துக்கு மேலே 'இங்கே காட்டியுள்ள நிலையில் வாகனத்தைப் பெற்றுக்கொண்டேன்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். குறி ஒன்றுமே இல்லாத வரைபடத்துக்குக் கீழே அந்த வரியில் கையெழுத்துப் போட்டால், கீறலே இல்லாத காரை வாங்கிக்கொண்டதாக எழுதிக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம்.

'ஆங்காங்கே சிறு கீறல்கள்' என்று பொதுவாக ஒரு வரி எழுதியிருந்தாலும் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். எந்தக் கீறல், எங்கே என்று அந்த வரி சொல்லவில்லை. பிறகு பேச்சு வந்தால், நீங்கள் காட்டும் கீறல் அந்தக் கணக்கில் வராது என்று அவர்கள் சொல்ல இடமிருக்கிறது.

படி 3: இடது வலது

இந்தப் படியில்தான் அதிகமாகத் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

காரின் இடது, வலது என்பது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது வரும் இடது, வலது. காருக்கு முன்னால் நின்று அதைப் பார்ப்பவருக்கு அது அப்படியே மாறிவிடும்.

ஃபார்மில் உள்ள படம் பெரும்பாலும் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்த மாதிரி இருக்கும். நடுவில் மேலிருந்து பார்த்த கார், அதன் இரு பக்கமும் கதவுகள் உள்ள பக்கங்கள் வெளிப்புறமாக மடிந்து கிடக்கும். முதலில் காரின் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். முன் கண்ணாடியும் பானட்டும் இருக்கும் பக்கம் மூக்கு. மூக்கு தாளின் மேல்பக்கம் பார்த்தால் குழப்பமில்லை, தாளின் இடது பக்கம்தான் காரின் இடது பக்கம். மூக்கு தாளின் இடது பக்கம் பார்த்தால், மேலே உள்ள பட்டை காரின் வலது பக்கம், கீழே உள்ள பட்டை இடது பக்கம். மூக்கு வலது பக்கம் பார்த்தால் இது தலைகீழ். நம்பிக்கை வரவில்லையா? மூக்கு மேலே வரும்படி தாளைத் திருப்பிவிடுங்கள். போட்டோ என்றால் போனில் படத்தைச் சுழற்றிவிடுங்கள். அதோடு குழப்பம் தீர்ந்தது.

தங்கையின் ஃபார்மில் மூக்கு இடது பக்கம் பார்த்தது. மேல் பட்டையில் பின் கதவின் மேல் ஒரு 'எக்ஸ்', பக்கத்தில் 'எஸ்'. விளக்கக் கட்டத்தில் 'எஸ்' என்றால் கீறல். அதாவது வலது பின் கதவில் ஒரு கீறல். முன் பம்பரின் மூலையில் ஒரு வட்டம், உள்ளே 'டி', அதாவது ஒடுக்கு. "இப்போ கார்கிட்ட போய் வலது பின் கதவைப் பாரு" என்றேன்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "வலது பக்கம் ஒண்ணுமே இல்ல அண்ணா. இடது பின் கதவுலதான் நீளமா ஒரு கீறல் இருக்கு."

குறித்தவர் பக்கம் மாற்றிக் குறித்திருக்கிறார். கவுண்டரில் இது சகஜமாக நடக்கும். காரின் முன்னால் நின்றபடி, தன் கைப்பக்கத்தை வைத்துக் குறித்துவிடுவார்கள். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே இருக்காது. ஆனால் அந்தத் தாளின்படி இடது கதவு சுத்தமாக இருக்கிறது. அவள் அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால் இடது கதவுக் கீறல் அவள் கணக்கில் சேர்ந்திருக்கும்.

படி 4: தாளோடு காரைச் சுற்றி ஒரு நடை

போட்டோவை மட்டும் பார்த்து யாராலும் "சரி, போடு" என்று சொல்ல முடியாது. தாளில் உள்ள ஒவ்வொரு குறியும் காரில் இருக்கிறதா, காரில் உள்ள ஒவ்வொரு சேதமும் தாளில் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் சரிபார்க்க வேண்டும். முன் பம்பரில் தொடங்கி ஒரே திசையில் சுற்றி வாருங்கள். கதவுகளை நேராக நின்று பார்ப்பதைவிடக் கொஞ்சம் குனிந்து, பக்கவாட்டிலிருந்து கண்ணை ஓட்டினால் ஒடுக்கு நன்றாகத் தெரியும். அதில் பிரதிபலிக்கும் கோடுகள் அந்த இடத்தில் வளையும். கார் ஈரமாக இருந்தாலோ தூசி படிந்திருந்தாலோ மெல்லிய கீறல் மறைந்துவிடும். ஈரத்தைத் துடைக்கச் சொல்லுங்கள், இருட்டாக இருந்தால் போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள்.

வரைபடத்தில் இடமே இல்லாத பகுதிகள் சில உண்டு. சக்கர ரிம், டயரின் பக்கவாட்டு, பம்பரின் அடிப்பகுதி, காரின் உட்புறம். இவற்றில்தான் பின்னால் தகராறு வருகிறது. ரிம்மின் விளிம்பைச் சுற்றிச் சொரசொரப்பாக இருந்தால் யாரோ நடைபாதை விளிம்பில் உரசியிருக்கிறார்கள். முன் கண்ணாடியில் அரிசி அளவுக்கு ஒரு புள்ளி இருந்தால் அது கல் தெறித்த இடம், சூட்டிலும் குளிரிலும் அது விரிசலாக ஓடக்கூடும். இவற்றைக் குறிப்புக் கட்டத்தில் வார்த்தையாகவே எழுதச் சொல்லுங்கள்: 'முன் இடது ரிம் உரசல்', 'முன் கண்ணாடி, ஓட்டுநர் பக்கம், கல் புள்ளி'.

இவற்றை நான் வற்புறுத்த ஒரு காரணம் உண்டு. ஒப்பந்தத்தில் 'எக்சஸ்' என்று ஒரு தொகை இருக்கும். சேதம் வந்தால் நீங்கள் கட்ட வேண்டிய உச்சவரம்பு அது, அதற்கு மேல் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். ஆனால் பல ஒப்பந்தங்களில் டயர், கண்ணாடி, அடிப்பகுதி, கூரை ஆகியவை இந்தப் பாதுகாப்பில் சேராது. அங்கே சேதம் வந்தால் உச்சவரம்பு கிடையாது, முழுச் செலவும் உங்களுடையது. பின்பக்கத்தைப் போட்டோ எடுக்கச் சொன்னது இதற்குத்தான். விலக்குகள் என்ற பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

படி 5: எரிபொருளும் கிலோமீட்டரும்

இது சுருக்கமான வேலை. வரைபடத்துக்குப் பக்கத்தில் எட்டுப் பாகமாகப் பிரித்த ஒரு எரிபொருள் அளவுகோல் இருக்கும். தங்கையின் தாளில் 8/8 என்று குறித்திருந்தது. இன்ஜினை ஸ்டார்ட் செய்து டாஷ்போர்டைப் போட்டோ எடுக்கச் சொன்னேன். முள் 7/8-க்குப் பக்கத்தில் நின்றது. அந்த எட்டில் ஒரு பங்கை அவள் காசில் நிரப்ப வேண்டி வந்திருக்கும். கிலோமீட்டர் எண் தாளில் இருப்பதும் மீட்டரில் இருப்பதும் ஒன்றாக இருந்தது, அதோடு விட்டோம்.

படி 6: திருத்தம், அப்புறம் கையெழுத்து

"தாளில் வலது பின் கதவில் கீறல் என்று இருக்கிறது, காரில் இடது பின் கதவில் இருக்கிறது. வந்து பார்த்து மாற்றித் தர முடியுமா?" என்று கேட்கச் சொன்னேன். குறை சொல்வதுபோல் பேசத் தேவையில்லை, இடத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால் போதும். ஊழியர் வந்து பார்த்தார், தப்பான குறியை அடித்துவிட்டு இடது கதவில் புதிய குறி போட்டார். எரிபொருளை 7/8 என்று மாற்றினார். காரைச் சுற்றி வந்தபோது தங்கை கண்ட ரிம் உரசலையும் எழுதினார்.

திருத்தம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவருடைய சுருக்கொப்பம் வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் நீங்களே பிறகு எழுதியது என்று சொல்லிவிடலாம். கார்பன் தாள் வைத்த படிவம் என்றால் உங்கள் பிரதியில் திருத்தம் பதிந்திருக்கிறதா என்று அதே இடத்தில் பாருங்கள். மேல் தாளில் மட்டும் திருத்தி, அடித்தாள் பழையபடியே இருந்ததை நான் பல முறை பார்த்திருக்கிறேன். டேப்லெட் என்றால் திருத்திய பிரதியை அப்போதே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வந்து பார்க்க ஆளில்லை என்றாலோ, "அதெல்லாம் பரவாயில்லை, நாங்கள் கேட்க மாட்டோம்" என்றாலோ, வாய் வார்த்தையோடு வண்டியை எடுக்காதீர்கள். திருப்பி வாங்கும்போது அங்கே வேறு ஆள் இருப்பார். கையெழுத்துக்குப் பக்கத்தில் நீங்களே கைப்பட 'இடது பின் கதவில் கீறல் முன்பே உள்ளது' என்று எழுதி, அந்தத் தாளைப் போட்டோ எடுத்து, கிளம்புவதற்கு முன் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்.

தங்கை கையெழுத்துப் போட்டதும் திருத்திய தாளை ஒரு போட்டோ எடுத்தாள். பிறகு நம்பர் பிளேட்டில் தொடங்கி, நிறுத்தாமல் காரைச் சுற்றி ஒரே வீடியோவாக எடுத்து எனக்கும் அனுப்பினாள். நான்கு நாள் கழித்து அவள் காரை விட்டபோது வேறு ஒரு ஊழியர் இருந்தார். அவர் நேராக இடது பின் கதவுக்குத்தான் போனார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், டிக் போட்டுவிட்டு அடுத்த கதவுக்கு நகர்ந்தார்.