ஆர்பிட்டரை அவசரப்படுத்தாதீர்கள்

ஓசூர்ப் பக்கம் போர்டு வடிவமைக்க வரும் புதியவர்கள், முன்பு நாங்கள் செய்த அதே தப்புகளைத்தான் செய்கிறார்கள். வயர் மாற்றிப் போடுவது, பட்டன் துள்ளலை மறப்பது போன்றவை தானாகவே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிட்டு, இருவர் ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கு முதலில் என்று தீர்மானிக்கும் ஆர்பிட்டரில் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

நேரம் முடிந்ததும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவது

இரண்டு கண்ட்ரோலர்கள் ஒரே மெமரியைக் கேட்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்பிட்டருக்குள் இருப்பது, ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாகப் போகும் இரண்டு நேண்ட் கேட்டுகள் கொண்ட ஒரு லாட்ச். யாரும் கேட்காதபோது இரண்டு வெளியீடும் 1. முதலில் வரும் கோரிக்கை தன் பக்கத்து வெளியீட்டை 0 ஆக்கி, அடுத்தவரை உள்ளே விடாமல் பூட்டிவிடும்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே கணத்தில் வந்தால்? இரண்டு வெளியீடும் சேர்ந்து இறங்கி நடுவில் நின்றுவிடும். 5 வோல்ட் சீமாஸ் சர்க்யூட்டில் இது ஏறக்குறைய 2.5 வோல்ட். இதைத்தான் மெட்டாஸ்டேபிள் நிலை என்கிறோம். இரண்டுக்கும் இடையே உள்ள துளி வித்தியாசம் வளர்ந்து வளர்ந்துதான் ஒரு பக்கம் சாயும். தொடக்க வித்தியாசம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு தாமதம். இதற்குள் முடிந்துவிடும் என்று எந்த எல்லையும் சொல்ல முடியாது.

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் பேக்கிங் லைனுக்குச் செய்த போர்டில், 10 நானோவினாடிக்குள் முடிவு வராவிட்டால் முதல் கண்ட்ரோலருக்கே கொடு என்று டைமர் வைத்திருந்தார்கள். மேஜையில் எல்லாம் சரியாக ஓடியது. ஆலையில் எப்போதாவது டப்பா எண்ணிக்கை குழம்பும். பழி புரோகிராம் எழுதியவர் மேல் விழுந்தது, பவர் சப்ளையையும் மாற்றினார்கள். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

நடந்தது இதுதான். "முடிவாகிவிட்டதா?" என்று டைமர் கேட்ட அதே கணத்தில் லாட்ச் இரண்டாவது பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. டைமர் முதலாவதுக்கும், லாட்ச் இரண்டாவதுக்கும் அனுமதி கொடுத்தன. டைமருக்கும் லாட்சுக்கும் நடுவே யார் முந்தியது என்பதே புதிய போட்டி; அங்கேயும் அதே தயக்கம் வரும்.

அலைக்காட்டியில் தடங்கள் அழியாமல் சேரவிட்டு, நெருக்கமான கோரிக்கைகளைத் தொடர்ந்து கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான விளிம்புகள் ஒரே இடத்தில் விழும், சில மட்டும் பின்னால் சிதறும். அந்தச் சிதறல்தான் தயக்கத்தின் அடையாளம்.

கிளாக் இல்லாத இடத்தில் முடிவு வரும்வரை காத்திருக்க விடுங்கள். கிளாக் இருந்தால் போதிய நேரம் கொடுங்கள். t நேரத்துக்குப் பிறகும் தயக்கம் நீடிக்கும் வாய்ப்பு e^(−t/τ) என்று குறையும்; τ என்பது லாட்ச் எவ்வளவு வேகமாகச் சாயும் என்பதைக் காட்டும் கால அளவு. τ 1 நானோவினாடி என்றால், 10 நானோவினாடியில் சிக்கியவற்றில் சுமார் 22,000-ல் ஒன்று மிஞ்சும். 20 நானோவினாடியில் சுமார் 48 கோடியில் ஒன்று.

லாட்ச் வெளியீட்டை நேராக எடுப்பது

நடு வோல்ட்டை ஒரு கேட் 0 என்றும் இன்னொன்று 1 என்றும் படிக்கும். இரு வெளியீடுகளுக்கும் இடையே ஒரு டிரான்சிஸ்டரின் திரெஷோல்ட் அளவு வித்தியாசம் வந்த பிறகே அனுமதியை வெளியே விடும் வடிகட்டி வையுங்கள்.

ஷ்மிட் ட்ரிகர் போடுவது

தயக்கம் அப்படியே இருக்கும், விளிம்பு மட்டும் தாமதமாக வரும்.

வேகமான கேட் வாங்குவது

τ குறையும். பூஜ்யம் ஆகாது.