வரைந்த பரவளையத்தில் மூலம், சமச்சீர் அச்சு, முனை கண்டுபிடிப்பது எப்படி?

பத்தாம் வகுப்பு வரைபடக் கணக்கில் வளைவரையை அழகாக வரைந்துவிட்டு, முனையைக் குறிக்கும்போது கோட்டைவிடுபவர்கள் நிறைய. முனை முழு எண்ணில் வந்தால் தொல்லையில்லை. நாம் குறித்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டால்தான் வம்பு. அப்படி ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: y = x² − 3x − 4.

```
x : -2  -1   0   1   2   3   4   5
y :  6   0  -4  -6  -6  -4   0   6
```

X அச்சில் 1 செ.மீ = 1 அலகு, Y அச்சில் 1 செ.மீ = 2 அலகுகள் என்று வைத்து வரைந்திருக்கிறோம்.

படி 1: மூலங்கள்

வளைவரை X அச்சை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். (−1, 0), (4, 0) ஆகிய இரண்டு இடங்களில். மூலம் என்பது x-இன் மதிப்பு மட்டும்தான். ஆகவே விடையில் x = −1, x = 4 என்று எழுதினால் போதும். Y அச்சை வெட்டும் −4-ஐ மூலம் என்று எழுதிவிடாதீர்கள். அவசரத்தில் நடக்கிற தவறு இது.

படி 2: சமச்சீர் அச்சு

இரண்டு மூலங்களுக்கும் சரிநடுவில் சமச்சீர் அச்சு போகும். (−1 + 4) ÷ 2 = 1.5. அந்த இடத்தில் Y அச்சுக்கு இணையாக ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். இது ஒரு கோடு என்பதால் வெறும் 1.5 என்று விடாமல் x = 1.5 என்று சமன்பாடாக எழுத வேண்டும்.

சரியா என்று பார்க்க, தாளை அந்தக் கோட்டில் மடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வளைவரையின் இரண்டு பக்கங்களும் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும்.

படி 3: முனை

புள்ளிக்கோடு வளைவரையைத் தொடும் இடமே முனை. இங்கேதான் சறுக்கும். அட்டவணையில் x = 1, x = 2 இரண்டுக்கும் y = −6. பலர் இவ்விரண்டையும் ஸ்கேல் வைத்து இணைத்துவிடுவார்கள். பரவளையத்தின் அடி தட்டையாகிவிடும், முனையும் காணாமல் போகும். இதுபோல் மேல்நோக்கித் திறக்கும் பரவளையத்தில் ஒரே y மதிப்பு அடுத்தடுத்து வந்தாலே, முனை அவற்றின் நடுவில், இன்னும் கொஞ்சம் கீழே இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

நம் அளவுத்திட்டத்தில் ஒரு சின்னக் கட்டம் 0.2 அலகு. கையால் வளைத்து வரைந்தால் முனை −6.2 அல்லது −6.3 என்று தெரியும். கண்ணால் அதற்குமேல் துல்லியம் கிடைக்காது. சமன்பாடு கையில் இருப்பதால் x = 1.5 என்று பிரதியிடலாம்: 2.25 − 4.5 − 4 = −6.25. அப்போ முனை (1.5, −6.25). வரைவதற்கு முன்பே இந்தப் புள்ளியையும் குறித்துக்கொண்டால் வளைவு தானாகவே ஒழுங்காக வரும்.

X அச்சையே தொடவில்லை என்றால்?

மெய் மூலங்கள் இல்லை என்று எழுதிவிடலாம். ஆனால் சமச்சீர் அச்சும் முனையும் கட்டாயம் உண்டு. ஒரே உயரத்தில் உள்ள ஏதாவது இரண்டு புள்ளிகளை எடுத்து நடுவைக் காணுங்கள். y = x² − 2x + 3 வளைவரையில் (0, 3), (2, 3) ஒரே உயரம்; நடு x = 1, முனை (1, 2).