குழந்தை வாயில் வெள்ளைப் படலமா? பால் குடித்ததும் விரலால் ஜெல் தடவும் முறை

முதலில் அது பூஞ்சைத் தொற்றுதானா என்று பாருங்கள். பால் படிவு பெரும்பாலும் நாக்கில் மட்டும்தான் இருக்கும், ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். கேண்டிடா என்னும் பூஞ்சையால் வரும் படலம் கன்னத்தின் உட்பக்கம், ஈறு, அண்ணம் என்று திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். லேசில் வராது. வலிந்து தேய்த்தால் அடியில் சிவந்த புண்தான் தெரியும், சில சமயம் ரத்தமும் கசியும். அதனால் "நல்லா தேய்ச்சு எடுத்துடு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இதற்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று மைகோனசோல் வாய் ஜெல். நான் சொல்லப்போவது அதைப் பற்றி மட்டும்தான். தோலில் பூசும் மைகோனசோல் கிரீமும் கடையில் கிடைக்கும், அதை வாயில் வைக்கக் கூடாது. பெட்டியில் வாய்க்கானது என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நான்கு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஜெல்லை நீங்களாக வாங்கித் தடவ வேண்டாம். விழுங்கும் பழக்கம் சரியாக வராத வயதில் கெட்டியான ஜெல் தொண்டையை அடைத்துவிடலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஐந்தாறு மாதம் வரைகூட இந்த எச்சரிக்கை உண்டு. அவர்களுக்கு டாக்டர் வேறு மருந்து, பெரும்பாலும் நிஸ்டாட்டின் சொட்டு, கொடுப்பார்.

ஆறு மாதக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு கன்னத்தின் உட்புறமும் மேல் ஈறிலும் திட்டுகள். டாக்டர் எழுதியது ஒரு வேளைக்கு 1.25 மி.லி., ஒரு நாளைக்கு நான்கு வேளை.

பால் கொடுத்த பிறகுதான். முன்னால் தடவினால் பாலோடு சேர்ந்து மருந்தும் வயிற்றுக்குப் போய்விடும். இந்த ஜெல் படலத்தின் மேல் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு பலன். பால் குடித்து, ஏப்பம் விட்ட பிறகு ஆரம்பியுங்கள். வயிறு நிறைந்திருக்கும்போது விரல் உள்ளே ஆழமாகப் போனால் குடித்ததெல்லாம் வெளியே வந்துவிடும்.

கையும் அளவும். நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரத்தைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு வாசனை போகும்வரை அலசுங்கள். 1.25 மி.லி. என்பது 5 மி.லி. கரண்டியில் கால்வாசி. கண்ணால் கணிப்பது கடினம் என்பதால், மருந்து அளக்கும் ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து சுத்தமான கரண்டியில் விட்டுக்கொள்வது எனக்குப் பிடித்த வழி.

குழந்தையைப் பிடிப்பது. மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். மடியில் சாய்வாக உட்கார வைத்து, தலையை உங்கள் முழங்கை மடிப்பில் தாங்குங்கள். கீழ் உதட்டை விரலால் லேசாகத் தொட்டால் பல குழந்தைகள் தானாக வாயைத் திறந்துவிடும். வீறிட்டு அழும்போது மட்டும் தடவ வேண்டாம், மூச்சை இழுக்கும் வேகத்தில் ஜெல்லும் உள்ளே போகும்.

தடவுவது. அளந்த ஜெல்லை ஒரேயடியாக வைக்காமல் ஆறு சின்னத் துளிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் பட்டாணிக்கும் சிறிதாக இருக்கும். ஒரு துளியை விரல்நுனியில் எடுத்து, உதட்டோரமாக நுழைத்து, இடது கன்னத்தின் உட்புறத் திட்டின் மேல் அழுத்தாமல் பரப்புங்கள். விரலை எடுத்துவிட்டு, குழந்தை சப்பி விழுங்கும்வரை பொறுங்கள். அடுத்தது வலது கன்னம், பிறகு ஈறு, மறுபடி இடது கன்னம் என்று மாற்றி மாற்றிப் போகலாம். விரல் வாயின் முன்பாதியைத் தாண்டவே கூடாது. தொண்டைப் பக்கம் திட்டு தெரிந்தாலும் அங்கே போகாதீர்கள். டியூபை நேராக வாய்க்குள் பிதுக்குவதும் கூடாது. நேரம் மிச்சமாகும் என்று சிலர் செய்கிறார்கள், மூச்சடைப்புக்கு அதுவே காரணமாகிவிடும். முலைக்காம்பில் ஜெல்லைத் தடவிப் பால் கொடுப்பதும் அதே போல ஆபத்து.

விழுங்காமல் வாயிலேயே தேக்கி வைத்துக்கொண்டால் அடுத்த துளியைத் தராதீர்கள். இருமல் வந்தால் நிறுத்தி, குழந்தையை நிமிர்த்திப் பிடியுங்கள். மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே அவசர உதவியை அழையுங்கள்.

கரண்டியில் மிஞ்சியதைத் திரும்ப டியூபில் அடைக்காமல் கொட்டிவிடுங்கள். சப்பும் ரப்பரையும் பால் புட்டியின் நிப்பிளையும் தினமும் கொதிநீரில் போட்டு எடுக்காவிட்டால் தொற்று திரும்பத் திரும்ப வரும். பால் கொடுக்கும்போது தாய்க்குக் காம்பில் எரிச்சலோ வலியோ இருந்தால் அவருக்கும் சேர்த்தே மருந்து வேண்டும். அதற்குரியதை டாக்டர்தான் தர வேண்டும்.

படலம் மறைந்ததும் நிறுத்திவிடத் தோன்றும். மறைந்த பிறகும் இன்னும் ஒரு வாரம் தடவுங்கள். மாறாக, ஒரு வாரம் ஒழுங்காகத் தடவியும் திட்டுகள் அப்படியே இருந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்து வழக்கத்தைவிடக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மறுபடி டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.