டிரிப்சின் துண்டுகளிலிருந்து புரதத்தின் பெயரைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனித செல்களின் புரதக் கலவையை ஜெல்லில் ஓட்டியாயிற்று. 42 கிலோடால்டன் பக்கத்தில் தடித்த பட்டை ஒன்று தெரிகிறது. அதை வெட்டியெடுத்து, டிரிப்சின் ஊற்றி, இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்து, கிடைத்த பெப்டைடுகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் விடுகிறோம். மறுநாள் மென்பொருள் தரும் பட்டியலின் மேல்பகுதியில் 'பீட்டா ஆக்டின்' என்று இருக்கிறது. மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதை அப்படியே அறிக்கையில் எழுதிவிடுவார்கள்.

ஆனால் கருவி பீட்டா ஆக்டினைப் பார்க்கவே இல்லை. அது பார்த்தது சில பெப்டைடுகளின் எடையையும், அவற்றை உடைத்தபோது வந்த சில்லுகளின் எடையையும்தான். பெப்டைடிலிருந்து புரதத்தின் பெயருக்குப் போவது நாம் செய்யும் ஊகம். தவறுகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. இந்த ஒரு பட்டையையே கடைசிவரை பின்தொடர்ந்து பார்ப்போம்.

பட்டியலில் ஆக்டினுக்கு மேலேயே கெரட்டின் 1, கெரட்டின் 10 இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அவை மாதிரியைக் கையாண்டவரின் தோலிலிருந்தும் அறைத் தூசியிலிருந்தும் வந்தவை. SLNNQFASFIDK என்ற கெரட்டின் 1 பெப்டைடை (ஒற்றை மின்னூட்டத்தில் 1383.69) இந்தத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி சந்திப்பார்கள். டிரிப்சினும் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். பன்றி டிரிப்சின் என்றால் 842.51, 2211.10 ஆகிய இடங்களில் கோடு வரும். இவற்றைப் பார்த்துச் சலித்துப்போய், தேடும் டேட்டாபேஸிலிருந்தே கெரட்டினையும் டிரிப்சினையும் நீக்கிவிடுவது பெரிய தவறு. நீக்கினாலும் அந்த ஸ்பெக்ட்ரங்கள் எங்கும் போய்விடாது. சரியான விடை பட்டியலில் இல்லாததால், பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு புரதத்தோடு அரைகுறையாகப் பொருந்தி, இல்லாத ஒன்றுக்குப் பெயர் வாங்கிக்கொடுக்கும். மாசுப் புரதங்களை டேட்டாபேஸில் சேர்த்தே தேட வேண்டும். அப்புறம், முடிவில் அவற்றை மாசு என்று குறித்து ஒதுக்கலாம். புரதமே இல்லாத ஒரு வெறும் ஜெல் துண்டையும் அதே நாளில், அதே கரைசல்களில், அதே டிரிப்சினோடு ஓட்டிவிட்டால் எது வெளியிலிருந்து வந்தது என்பது கண்கூடாகத் தெரிந்துவிடும். மாதிரியே தோல் திசு என்றால் இந்த வெறும் துண்டு இல்லாமல் கெரட்டினைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

சரி, இனி ஆக்டினுக்கு வருவோம். டிரிப்சின் லைசினுக்கும் அர்ஜினினுக்கும் அடுத்து வெட்டும். அதற்கடுத்த அமினோ அமிலம் புரோலினாக இருந்தால் பெரும்பாலும் வெட்டாது. ஆக்டினிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. AVFPSIVGRPR என்ற பெப்டைடின் நடுவில் அர்ஜினின் (R) இருந்தும் அங்கே வெட்டு விழுவதில்லை, காரணம் அடுத்து புரோலின் (P) நிற்கிறது. மென்பொருளில் Trypsin என்றும் Trypsin/P என்றும் இரண்டு தேர்வுகள் இருந்தால், இரண்டாவது இந்தப் புரோலின் விதியைக் கணக்கில் எடுக்காது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தவறிய வெட்டுகளின் எண்ணிக்கையை 0 என்று வைத்தால் இந்தப் பெப்டைடு தேடலுக்குள்ளேயே வராது. 2 என்று வைப்பது வழக்கம், அதுவே பாதுகாப்பு.

இதே பெப்டைடு இன்னொரு விஷயத்தையும் காட்டுகிறது. அதன் ஒற்றை மின்னூட்ட எடை 1198.71. ஆக்டினில் DSYVGDEAQSK என்று இன்னொரு துண்டும் உண்டு, அதன் எடை 1198.52. இரண்டுக்கும் இடையே வெறும் 0.18 டால்டன், அதாவது சுமார் 150 பிபிஎம். எடை விலகல் வரம்பை அரை டால்டன் என்று தாராளமாக விட்டுவிட்டு, பெப்டைடு எடைகளை மட்டும் வைத்து ஒப்பிட்டால் 1198 என்ற ஒரே கோடு இரண்டுக்கும் பொருந்தும். ஒரே புரதத்துக்குள்ளேயே இப்படி என்றால், ஆயிரக்கணக்கான புரதங்கள் உள்ள டேட்டாபேஸில் தற்செயலாகப் பொருந்துபவை எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வரம்பைக் கருவியின் உண்மையான துல்லியத்துக்கு ஏற்ப வைக்க வேண்டும். ஆர்பிட்ராப் போன்ற கருவிக்கு 10 பிபிஎம் போதும். அந்த வரம்பில் இவ்விரண்டும் சுலபமாகப் பிரிந்துவிடும்.

இப்போது முக்கியமான இடம். மனிதரில் ஆக்டின் மரபணுக்கள் ஆறு. தசையல்லாத செல்களில் பொதுவாகப் பீட்டாவும் காமாவும் சேர்ந்தே இருக்கும். இரண்டும் 375 அமினோ அமிலங்கள் கொண்டவை, அவற்றில் நான்கே நான்குதான் வேறு. அந்த நான்கும் புரதத்தின் தொடக்கத்தில், ஒரே டிரிப்சின் துண்டுக்குள் அடங்கிவிடுகின்றன:

```
பீட்டா (ACTB):   DDDIAALVVDNGSGMCK
காமா (ACTG1):    EEEIAALVIDNGSGMCK
```

மற்ற எல்லாத் துண்டுகளும் இரண்டுக்கும் பொது. AGFAGDDAPR வந்தது, SYELPDGQVITIGNER வந்தது, இன்னும் பத்துத் துண்டுகள் வந்தன, புரதத்தின் பாதி நீளம் மூடப்பட்டது என்றாலும் அது பீட்டா என்பதற்கு ஆதாரம் சற்றும் கூடவில்லை. சொல்லப்போனால் நான் பெயர் சொன்ன அந்த இரண்டு துண்டுகளும் தசை ஆக்டினிலும் இருக்கின்றன. GYSFTTTAER வந்தால் அந்தத் துண்டு எலும்புத்தசை ஆக்டினிலிருந்து வந்ததல்ல என்று சொல்லலாம், ஏனென்றால் அதில் அந்த இடத்தில் GYSFVTTAER இருக்கும். ஆனால் பீட்டாவா காமாவா என்ற கேள்வி அப்படியே நிற்கும். மென்பொருள் இருவரையும் ஒரே குழுவில் போட்டு, தலைப்பில் ஏதாவது ஒரு பெயரை வைக்கிறது. அந்தத் தலைப்பை விடை என்று எடுத்துக்கொள்வதைத்தான் இந்தத் துறையில் நான் அடிக்கடி பார்க்கிறேன், மிகவும் வருத்தமும் தருகிறது. குழுவை விரித்து உள்ளே யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்த பெப்டைடு எத்தனை என்று பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

பிரித்துக்காட்டும் அந்த ஒரே துண்டும் சுலபமாகக் கையில் சிக்காது. முதலாவது, செல்லுக்குள் முதிர்ந்த ஆக்டினில் தொடக்க மெதியோனின் வெட்டப்பட்டு, அடுத்த அமினோ அமிலத்தின் மேல் ஓர் அசிட்டைல் ஏறியிருக்கும், எடை 42.01 கூடும். புரத முனையில் அசிட்டைல் என்ற மாற்றத்தைத் தேடலில் சேர்க்காவிட்டால் துண்டு கண்ணில் படாது. இரண்டாவது, அதில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. பட்டையை டிடிடி போட்டு 56 டிகிரியில் வைத்து, பிறகு இருட்டில் அயோடோஅசிட்டமைடு சேர்த்தோம் என்றால் ஒவ்வொரு சிஸ்டீனும் 57.02 கூடும். அந்தப் படியைச் செய்துவிட்டுத் தேடலில் சொல்ல மறந்தாலும், செய்யாமலே விட்டுவிட்டு அதை நிலையான மாற்றம் என்று வைத்தாலும் சிஸ்டீன் உள்ள துண்டுகள் எல்லாம் காணாமல் போகும். அந்தப் படியைச் செய்யாத ஜெல் மாதிரியில் எஞ்சிய அக்ரிலமைடு சிஸ்டீனைப் பிடித்து 71.04 கூட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மூன்றாவது, மெதியோனின். அது ஆக்சிஜனேற்றம் அடைந்தால் இன்னும் 15.99 கூடும், அதனால் ஒரே துண்டு இரண்டு எடைகளில் பிரிந்து நிற்கும்.

இந்தத் தவறுகளில் மோசமானது என்ன என்றால், எதுவும் தவறியதாகவே தெரியாது. மற்ற ஆக்டின் துண்டுகள் எல்லாம் பொருந்திக்கொண்டே இருக்கும். மதிப்பெண் உயர்ந்தே இருக்கும். கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய துண்டு மட்டும் சத்தமில்லாமல் விழுந்திருக்கும். அதனால் தேடல் அமைப்பை எழுதும்போது, ஆய்வகக் குறிப்பேட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, எந்தக் கரைசலில் என்ன சேர்த்தோம் என்று வரி வரியாகப் பார்த்து நிரப்புங்கள். போன முறையின் அமைப்பை அப்படியே நகலெடுப்பது இங்கே ஆபத்து.

தயாரிப்பிலும் ஒரு படியைக் கவனிக்க வேண்டும். ஜெல் இல்லாமல் யூரியாக் கரைசலில் வேலை செய்பவர்கள் அதைச் சூடாக்கக் கூடாது. சூடான யூரியாவிலிருந்து வரும் சயனேட் லைசினைப் பிடித்து 43.01 கூட்டும், அப்படி மூடப்பட்ட லைசினில் டிரிப்சின் வெட்டாது. தவறிய வெட்டுகள் திடீரென்று கூடிவிட்டால், அவை லைசினில்தான் குவிகின்றனவா என்று பாருங்கள். லைசினிலும் அர்ஜினினிலும் சமமாகத் தவறியிருந்தால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும்: டிரிப்சின் குறைவாக இருந்திருக்கலாம் (50 பங்கு புரதத்துக்கு 1 பங்கு என்பது வழக்கமான அளவு), யூரியாவைப் போதுமான அளவு நீர்க்கச் செய்யாமல் விட்டிருக்கலாம், பிஎச் 8 பக்கத்தில் இல்லாமல் இருந்திருக்கலாம்.

சரி, அசிட்டைலும் சிஸ்டீன் மாற்றமும் சேர்த்து மறுபடி தேடினோம், ஒரு பொருத்தம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். பீட்டா துண்டு இரட்டை மின்னூட்டத்தில் 911.40 என்ற m/z-இல் வரும், காமா 939.43-இல். ஒரே ஒரு பெப்டைடின் மேல் முழு முடிவும் நிற்கும்போது மென்பொருளின் மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல் ஸ்பெக்ட்ரத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். 1% தவறு விகிதம் என்று வடிகட்டியது மொத்தப் பட்டியலுக்கான கணக்கு. இந்த ஒரு வரிக்கு அது உத்தரவாதம் இல்லை. எதைப் பார்ப்பது? பின்முனைச் சில்லுகளில் y8 வரை, அதாவது DNGSGMCK வரை, இரண்டு ஆக்டினுக்கும் ஒன்றுதான். அங்கே 868.33 தெரிந்தால் ஆக்டினின் முனைத் துண்டு என்பதற்கு அது வலு சேர்க்கும், பீட்டாவா காமாவா என்று சொல்லாது. y9-இல்தான் வழி பிரிகிறது: பீட்டாவில் வேலின், 967.40, காமாவில் ஐசோலியூசின், 981.41. முன்முனையிலிருந்து வரும் b3 பீட்டாவில் 388.10, காமாவில் 430.15. இவற்றில் ஏதாவது தெளிவாக எழுந்து நின்றால் துணிந்து பெயர் சொல்லலாம். ஒன்றுகூட இல்லாமல் இரைச்சலுக்குள் நான்கைந்து கோடுகள் மட்டும் பொருந்தியிருந்தால் அந்தப் பொருத்தத்தை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

பீட்டா துண்டு உறுதியானாலும் காமா இல்லை என்று அர்த்தமில்லை. 939.43 வராததற்குக் காரணம் அந்தத் துண்டு குறைவாக இருந்ததாகவும் இருக்கலாம், கருவி அந்த நொடியில் வேறொரு பெப்டைடை உடைத்துக்கொண்டிருந்ததாகவும் இருக்கலாம். அந்த எடையை மட்டும் குறிவைத்து மறுபடி ஓட்டிப் பார்க்காதவரை 'காமா காணப்படவில்லை' என்று எழுதலாம், 'காமா இல்லை' என்று எழுதக் கூடாது. முனைத் துண்டு இரண்டுமே கிடைக்கவில்லை என்றால் அறிக்கையில் எழுத வேண்டியது 'சைட்டோபிளாசமிக் ஆக்டின், பீட்டா அல்லது காமா, பொதுப் பெப்டைடுகள் மட்டும்' என்பதுதான். அதோடு P60709, P63261 என்ற இரண்டு யூனிப்ராட் பதிவு எண்களையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.