விருப்பு வாக்குக்கு முன் ஒரு புள்ளடி

பாராளுமன்றத் தேர்தலில் திருகோணமலை மாவட்டத்துக்கு 4 ஆசனங்கள். ஒவ்வொரு கட்சியும் சுயேச்சைக் குழுவும் அதைவிட 3 பேரைக் கூட்டி 7 வேட்பாளர்களை நிறுத்தும். அதனால்தான் வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதியில் 1 முதல் 7 வரை இலக்கங்கள் இருக்கும். அங்கே வேட்பாளர்களின் பெயர் இருக்காது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 3ஆம், 5ஆம் இலக்கக்காரரை உங்களுக்குப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். கீழே 3க்கும் 5க்கும் மட்டும் புள்ளடி போட்டுவிட்டு வந்தால் அந்தச் சீட்டு நிராகரிக்கப்படும். எல்லாப் பட்டியலிலும் 3ஆம் இலக்கம் உண்டு. எண்ணுகிறவருக்கு யாருடைய 3 என்று எப்படித் தெரியும்? முதலில் மேலே ஒரேயொரு கட்சிக்கோ குழுவுக்கோ எதிரே புள்ளடி போட வேண்டும். அதற்குப் பிறகே இலக்கங்கள்.

விருப்பு வாக்கு ஒன்று, இரண்டு, மூன்று வரை போடலாம், போடாமலும் விடலாம். நான்காவதாக ஒன்றைப் போட்டால் கட்சிக்கான வாக்கு செல்லும், ஆனால் விருப்பு வாக்குகள் எல்லாமே வீண். "நாலு பேருமே நல்லவர்கள்" என்ற தாராள மனதுக்குச் சீட்டில் இடமில்லை.

இரண்டு கட்சிகளுக்குப் புள்ளடி போட்டாலும், உங்களை அடையாளம் காட்டும் பெயரோ கையொப்பமோ இட்டாலும் வாக்கு செல்லாது. கை தவறிப் பிழையாகப் போட்டுவிட்டால் வெட்டித் திருத்த வேண்டாம். பெட்டியில் போடுமுன் அலுவலரிடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று கேளுங்கள். ஆளடையாள அட்டையை மறக்காதீர்கள், வாக்காளர் அட்டை மட்டும் போதாது.