தாளத்துக்கு வெட்டும்போது கணக்கு எங்கே தவறுகிறது

திருமண ஹைலைட் வெட்டப் பழகுபவர்கள் ஒவ்வொரு பீட்டிலும் ஷாட்டை மாற்றுவது போன்ற பிழைகளைக் கொஞ்ச நாளில் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். ஆகவே அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. பிபிஎம் என்றால் என்ன, மார்க்கர் எப்படிப் போடுவது என்றெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு செய்யும் தவறுகளே விலை கூடியவை. அவற்றில் ஒன்று எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

பீட்டின் நீளத்தை முழு பிரேமாக்கிக்கொண்டு வெட்டுவது

நம் ஊரில் திருமணங்களைப் பெரும்பாலும் வினாடிக்கு 25 பிரேம் என்ற கணக்கில்தான் எடுக்கிறோம். ஒரு நிமிடத்துக்கு 1500 பிரேம் ஆகிறது. அதைப் பாட்டின் பிபிஎம்மால் வகுத்தால் ஒரு பீட்டுக்கு எத்தனை பிரேம் என்று கிடைத்துவிடும். பாட்டு 125 பிபிஎம் என்றால் சரியாக 12 பிரேம். 100 என்றால் 15. இப்படி முழு எண் வரும் பாட்டுகளில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. ஆனால் நடனப் பாட்டுகளில் அடிக்கடி வரும் 128 பிபிஎம்முக்கு விடை 11.71875. பிரேமைப் பாதியில் வெட்ட முடியாது என்பதால், புதியவர் அதை 12 என்று வைத்துக்கொண்டு, எல்லா ஷாட்டையும் 12 பிரேமாக நறுக்கி வரிசையாக அடுக்கிவிடுகிறார்.

ஒரு பீட்டுக்குக் கூடுவது ஒரு பிரேமின் கால் பங்கை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான். முதல் சில ஷாட்டுகளில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தக் கூடுதல் ஒவ்வொரு வெட்டிலும் சேர்ந்துகொண்டே போகிறது. முதல் பீட்டை 0 என்று வைத்து எண்ணினால், 64ஆவது பீட் பாட்டில் 750ஆவது பிரேமில், அதாவது 30ஆவது வினாடியில் விழுகிறது. 12 பிரேமாக அடுக்கிய 64ஆவது வெட்டோ 768இல் நிற்கிறது. 18 பிரேம் என்பது ஒன்றரை பீட்டுக்குச் சமம்.

இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. பத்தாவது வினாடி வாக்கில் வெட்டுகள் இரண்டு பீட்டுகளுக்கு நடுவே விழுந்து, பார்க்கவே முடியாதபடி இருக்கும். இருபதாவது வினாடி வாக்கில் சரியாக ஒரு பீட் பின்தங்கிவிடுவதால், வெட்டு மறுபடியும் ஏதோ ஒரு பீட்டின் மேல் வந்து உட்காரும். எங்கள் எடிட் அறையில் ஒரு தம்பி, வரவேற்பு நிகழ்ச்சியின் ஹைலைட்டைப் போட்டுக் காட்டிவிட்டு, "அண்ணா, நடுவுல கொஞ்சம் தப்பா இருந்துச்சு, அப்புறம் அதுவே சரியாயிடுச்சு" என்றார். அது சரியாகவில்லை. பல்லவி எடுக்கும் முதல் அடியில் வந்திருக்க வேண்டிய மணமக்களின் நுழைவு அடுத்த அடியில் வந்துகொண்டிருந்தது. அதற்குள் அவர் நடுப்பகுதியைச் சரிசெய்வதற்காகப் பாட்டை ஐந்தாறு பிரேம் பின்னுக்குத் தள்ளியிருந்தார். அதனால் சரியாக இருந்த தொடக்கமும் கெட்டுப்போயிருந்தது. அந்தத் தொகுப்பை முதலிலிருந்து வெட்ட வேண்டியதாயிற்று. ஒரு வகுத்தல் கணக்கை உரிய இடத்தில் போடாததற்காக ஒரு முழு இரவு வேலை வீணாவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பீட்டின் நீளத்தை முழுமையாக்காமல், ஒவ்வொரு பீட்டின் இடத்தையும் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டு, கடைசியில் மட்டும் அருகிலுள்ள பிரேமுக்குக் கொண்டுவர வேண்டும்.

```
frame(n) = start + round(n * 1500 / BPM)
```

முதல் பீட்டை 0 என்று கொண்டால், அடுத்தடுத்த பீட்டுகள் 12, 23, 35, 47, 59, 70, 82, 94 என்ற பிரேம்களில் வரும். ஷாட்டுகளின் நீளம் பெரும்பாலும் 12 ஆகவும், இடையிடையே 11 ஆகவும் இருக்கும். இந்த ஒரு பிரேம் ஏற்ற இறக்கத்தைக் கண் கண்டுபிடிக்காது. எந்த வெட்டும் அரை பிரேமுக்கு மேல் விலகாது. எவ்வளவு நீளமான பாட்டானாலும் பிழை சேராது. இந்த இடங்களில் மார்க்கரைப் போட்டுவிட்டு, ஸ்னாப்பை இயக்கி, ஷாட்டை மார்க்கர் வரை இழுத்து வெட்ட வேண்டும். ஷாட்டின் நீளத்தை எண்ணால் தட்டச்சு செய்யவே கூடாது.

பிறர் வெட்டியதைச் சரிபார்க்கும்போது பிழை எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனித்தாலே காரணம் தெரிந்துவிடும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால், நீளத்தை முழுமையாக்கியிருக்கிறார்கள், அல்லது பிபிஎம்மே சற்றுத் தவறு. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகியிருந்தால், முதல் பீட்டின் இடம் தவறு. ஓரிடத்தில் முந்தியும் ஓரிடத்தில் பிந்தியும் இருந்தால், மார்க்கரைக் கையால் தட்டிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள்.

கோப்பின் தொடக்கத்தை முதல் பீட் என்று கொள்வது

எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் சிறிது மௌனம் இருக்கும். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, முதல் அடி எழும் விளிம்பில் கணக்கைத் தொடங்குங்கள்.

மென்பொருள் சொன்ன பிபிஎம்மை அப்படியே நம்புவது

மென்பொருள் 128ஐ 64 என்று சொல்லலாம். அது பெரிய தீங்கில்லை, கேட்டவுடன் தெரிந்துவிடும். 127.9ஐ 128 என்று சொல்வதுதான் ஆபத்து. மூன்று நிமிடப் பாட்டின் முடிவில் அந்த வித்தியாசம் மூன்றரை பிரேமாகிவிடும். ஆகவே வெட்டத் தொடங்கும் முன்பே, பாட்டின் கடைசிப் பகுதியில் ஒரு பீட்டின் இடத்தைக் கணக்கிட்டு, அலைவடிவத்தில் டிரம் அடியின் மேல் அது உட்காருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மார்க்கரை டைம்லைனில் போட்டுவிட்டுப் பாட்டை நகர்த்துவது

பாட்டுக் கிளிப்பைத் தேர்வு செய்துகொண்டு M அழுத்தினால் மார்க்கர் பாட்டோடு ஒட்டிக்கொண்டு கூடவே நகரும். எதையும் தேர்வு செய்யாமல் அழுத்தினால் டைம்லைனிலேயே தங்கிவிடும்.

வெட்டை மட்டும் பீட்டில் வைத்து, அசைவை மறந்துவிடுவது

மாலை மாற்றும் ஷாட்டில் பார்ப்பவர் உணரும் அடி, மாலை கழுத்தில் விழும் கணம்தான்; ஷாட் மாறும் கணம் அல்ல. ஷாட் தொடங்கி ஒன்பதாவது பிரேமில் மாலை விழுகிறது என்று கொள்வோம். 128 பிபிஎம்மில் 32ஆவது பீட் 375ஆவது பிரேமில் இருக்கிறது. வெட்டை 375இல் வைத்தால் மாலை 384இல் விழும். அடுத்த பீட்டோ 387இல் இருக்கிறது. மூன்று பிரேம் முந்தி விழும் மாலை, வெட்டு மிகச் சரியான இடத்தில் இருந்தும், தாளம் தப்பியது போலவே தோன்றும். வெட்டை 366க்கு முன்தள்ளினால் மாலை பீட்டில் விழும். அட்சதை தூவுவது, ஆட்டத்தில் கால் தரையில் படுவது போன்ற எல்லா ஷாட்டுகளுக்கும், அசைவு முடியும் பிரேமில் கிளிப்பிலேயே ஒரு மார்க்கர் போட்டு, அதைப் பாட்டின் மார்க்கரோடு சேர்ப்பதே சரியான முறை.

கெட்டி மேளத்துக்குப் பிபிஎம் தேடுவது

தாலி கட்டும் நேரத்தில் நேரடியாகப் பதிவான தவிலும் நாதசுரமும் ஒரே வேகத்தில் போவதில்லை. வாசிப்பவர் முகூர்த்தத்தைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுகிறார். அங்கே எந்தக் கணக்கும் உதவாது. பதிவை ஓடவிட்டு M விசையைத் தட்டி மார்க்கர் போடுங்கள். பிறகு அலைவடிவத்தைப் பெரிதாக்கி, தவிலின் ஒவ்வொரு அடியும் எழும் விளிம்புக்கு அந்த மார்க்கர்களை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எல்லா அடிக்கும் மார்க்கர் தேவையில்லை. நீங்கள் வெட்டப்போகும் அடிகளுக்கு மட்டும் போதும்.