சக ஊழியருக்கு லிங்க்ட்இன் பரிந்துரை எழுதும் முறை: ஒரே ஒரு நிகழ்வு போதும்

"கடின உழைப்பாளி, பழக இனியவர், பொறுப்பானவர்" என்னும் வரியில் பெயரை மாற்றினால் அது யாருக்கும் பொருந்திவிடும் என்பதால், ஆளெடுப்பவர் அதைப் படித்தும் புதிதாக எதையும் அறிந்துகொள்வதில்லை.

எழுதத் தொடங்கும் முன், உங்கள் சக ஊழியர் அடுத்து எந்த வகை வேலையை நாடுகிறார் என்று அவரிடமே கேளுங்கள். பிறகு, அந்த வேலைக்குத் தேவையான திறன் வெளிப்பட்ட நிகழ்வுகளில் நீங்கள் நேரில் கண்ட ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிறர் சொல்லிக் கேட்டதை எழுதினால், யாராவது உங்களைத் தொடர்புகொண்டு விசாரிக்கும்போது உங்களால் விவரம் சொல்ல இயலாது.

கணக்குப் பிரிவில் பணியாற்றும் ஒருவர் தணிக்கைப் பணியை நாடுகிறார் என்று கொள்வோம். அவருக்கான பரிந்துரை இவ்வாறு அமையலாம்:

"இரண்டு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இவருடன் பணியாற்றினேன். புதிய மென்பொருளுக்கு மாறியபோது வாடிக்கையாளர் நிலுவைத் தொகைகள் பழைய பதிவுகளுடன் ஒத்துப்போகவில்லை. மொத்த வித்தியாசத்தை ஒரே பதிவில் சரிக்கட்டிவிடலாம் என்று நாங்கள் கருதினோம். இவர் உடன்படாமல் ஒவ்வொரு இன்வாய்ஸாக ஒப்பிட்டு, பகுதியாகச் செலுத்தப்பட்ட தொகைகள் மட்டும் இருமுறை பதிவாகியிருந்ததைக் கண்டறிந்தார். அப்போது இவர் உருவாக்கிய சரிபார்ப்புத் தாளைத்தான் மாதக் கணக்கு முடிக்க இன்றும் பயன்படுத்துகிறோம்."

இதில் புகழ்மொழி ஒன்றுகூட இல்லை. மற்றவர்கள் எளிய வழியை நாடியபோது அவர் எடுத்த முடிவுதான் அவருடைய நேர்மையையும் நுணுக்கத்தையும் காட்டுகிறது. உடனிருந்தவருக்கு மட்டுமே தெரியக்கூடிய "பகுதியாகச் செலுத்தப்பட்ட தொகைகள்" என்ற விவரம் நம்பகத்தன்மையைத் தருகிறது. என் கருத்தில், பரிந்துரையின் உயிர் இத்தகைய சிறு விவரத்தில்தான் இருக்கிறது. அதே நபர் வாடிக்கையாளர் சேவைப் பணியை நாடினால், இந்த நிகழ்வு எவ்வளவு சிறப்பானதாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேட வேண்டும்.

எண்கள் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சேருங்கள். குழுவின் சாதனை முழுவதையும் அவருடையதாக எழுதினால், அதே குழுவில் இருந்த மற்றொருவர் படிக்கும்போது பரிந்துரையின் நம்பகத்தன்மை உடைந்துவிடும். வாடிக்கையாளர் பெயர், விற்பனைத் தொகை போன்ற நிறுவனத்தின் உள்விவரங்களையும் தவிர்க்க வேண்டும்.

எழுதி முடித்ததும், அவருடைய பெயருக்குப் பதில் வேறொரு சக ஊழியரின் பெயரை இட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் உண்மையாக ஒலிக்கும் வாக்கியங்களை நீக்கிவிடலாம். நான்கைந்து வாக்கியங்கள் எஞ்சினாலே போதுமானது.

அனுப்புவதற்கு அவர் லிங்க்ட்இனில் உங்கள் நேரடித் தொடர்பில் இருக்க வேண்டும். அவருடைய பக்கத்தில் More என்பதை அழுத்தி Recommend என்பதைத் தேர்ந்தெடுத்து, அவருக்கும் உங்களுக்கும் இருந்த பணி உறவையும் அப்போது அவர் வகித்த பதவியையும் சரியாகக் குறிப்பிடுங்கள். அவர் ஏற்றுக்கொண்ட பிறகே அது அவருடைய பக்கத்தில் தோன்றும்; அதற்கு முன் திருத்தம் கேட்கவும் அவரால் இயலும் என்பதால், விவரங்களில் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுமாறு அவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.